லிஃப்ட் சோதனையைக் கொண்டு விளம்பர மாதிரியைச் சீரமைத்தல்: மதிப்பீடு

தொலைக்காட்சி, இணையம் இரண்டின் விளம்பரச் செலவும் பண்டிகைக் காலத்தில் சேர்ந்தே ஏறினால், விற்பனை எதனால் கூடியது என்பதை மார்க்கெட்டிங் மிக்ஸ் மாதிரியால் பிரித்தறிய இயலாது. சில பகுதிகளில் மட்டும் ஒரு விளம்பரத்தைக் கூட்டிப் பார்க்கும் லிஃப்ட் சோதனை இக்குறையைக் குறைக்கிறது. ஆனால் அதன் முடிவு மாதிரியில் எங்கே பொருத்தப்படுகிறது என்பதே முக்கியம்.

எடுத்துக்காட்டாக, வாரச் செலவு 10 லட்சம் ரூபாயிலிருந்து 12 லட்சமானபோது விற்பனை 3 லட்சம் கூடியது எனலாம். கூடுதலான ஒவ்வொரு ரூபாய்க்கும் கிடைத்த விற்பனை 1.50 ரூபாய். இதையே முழுச் செலவின் சராசரிப் பலனாகக் கொள்வது பிழை. செலவு ஏற ஏறப் பலன் குறைவதால், முதல் 10 லட்சத்தின் சராசரி இதைவிட அதிகமாகவே இருக்கும். அந்த ஊடகம் குறைத்து மதிப்பிடப்பட்டு, அதன் நிதி வெட்டப்படலாம்.

PyMC-Marketing நிரலகம் வளைகோட்டின் அந்த இரு புள்ளிகளுக்கு இடையிலான உயர்வை மட்டுமே சோதனையுடன் ஒப்பிடுவது சரியான முறை. எனினும் 30 லட்சம் செலவில் என்ன நிகழும் என்பதை இச்சோதனை சொல்லாது.