மீமுக்கும் பாடபேதம் உண்டு

மர்லின் மன்றோவின் கறுப்பு வெள்ளைப் படம். அதன்மேல் ஆங்கிலத்தில் ஒரு வரி: ஒழுங்காக நடந்துகொள்ளும் பெண்கள் வரலாற்றில் இடம்பெறுவது அரிது என்று பொருள்படுவது. மகளிர் தினமானால் கைபேசிதோறும் வந்துவிடும். சில படங்களில் மன்றோவுக்குப் பதில் எலினோர் ரூஸ்வெல்ட் இருப்பார். நூல், பேட்டி, தேதி எதுவும் இராது.

இதை ஆய்வேட்டில் மேற்கோளாக்க நினைக்கும் மாணவி முதலில் படத்தைக் கொடுத்துத் தேடுவாள். கிடைப்பது அந்த ஒளிப்படத்தின் வரலாறுதான்; வரியின் வரலாறு அல்ல. வரியைத் தனியே தட்டச்சு செய்து, மேற்கோள்குறிக்குள் இட்டு, நூல்களிலும் ஆய்விதழ்களிலும் தேட வேண்டும். அப்போது இரண்டு வடிவங்கள் தென்படும். 'அரிதாக' என்ற இடத்தில் ஒன்றில் 'செல்டம்', மற்றொன்றில் 'ரேர்லி'. ஏட்டுச்சுவடி பதிப்பித்தவர்கள் பாடபேதத்தைக் கொண்டு எந்தப் பிரதி எதிலிருந்து வந்தது என்று கண்டார்களே, அதே வேலைதான் இங்கும்.

'ரேர்லி' நம்மை 1995இல் வந்த கே மில்ஸின் நூலுக்குக் கொண்டுபோகிறது. பத்திரிகையாளரான அவர் அந்த வரியை எழுதியவர் பெயரோடுதான் தந்திருந்தார். ஒரு சொல் மட்டும் மாறிவிட்டது. பிறகு அது பனியனில் ஏறியது, பெயர் உதிர்ந்தது. 'செல்டம்' 1976க்குப் போகிறது: 'அமெரிக்கன் குவார்ட்டர்லி' ஆய்விதழில் லாரல் தாட்சர் உல்ரிச் எழுதிய கட்டுரையின் முதல் பத்தி. மன்றோவும் ரூஸ்வெல்ட்டும் 1962இலேயே இறந்துவிட்டார்கள். இறந்த ஆண்டு மட்டும் சான்றாகாது. ஆனால் உல்ரிச்சுக்கு அச்சுப் பக்கம் இருக்கிறது, அவர்களுக்கு இல்லை.

தேடலை இங்கே நிறுத்தக் கூடாது. அந்தப் பத்தியைத் திறந்து வாசிக்க வேண்டும். கட்டுரையின் பொருள், பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு நியூ இங்கிலாந்தில் போதகர்கள் பக்தியுள்ள பெண்களைப் பற்றி எழுதியவை. ஜெபித்து, வேதம் வாசித்து, பனி கொட்டினாலும் பிரசங்கம் கேட்கப் போன பெண்கள். தங்களை நினைவுகூர வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. யாரும் நினைவுகூரவும் இல்லை. அந்த மறதியைப் பற்றிய வரி அது. அடங்காதே என்று தோழியரைத் தூண்டுவதற்கு எழுதியதல்ல. அடங்கியிருந்தவளுக்கும் வரலாறு உண்டு என்று வாதிடும் கட்டுரையின் வரி. அதே உல்ரிச்தான் பின்னர் மார்த்தா பல்லார்டு என்ற மருத்துவச்சியின் நாட்குறிப்பைக் கொண்டு ஒரு நூலே எழுதினார். 1991இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. மீம் ஒரு பெண்ணின் பெயரை அழித்ததோடு அவள் வாதத்தையும் தலைகீழாக்கிவிட்டது. எனக்கு இரண்டாவதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது.

ஆக, கருத்து வேண்டுமென்றால் 1976 கட்டுரையை வாசித்து அதையே சான்று காட்டலாம். படத்தையே ஆராய்கிறோம் என்றால் சான்று வேறு. அப்போது மன்றோ 'கூறியவர்' அல்ல, 'படத்தில் இருப்பவர்'. பதிவிட்ட கணக்கு, பதிவின் தேதி, பார்த்த தேதி, முகவரி ஆகியவற்றைக் குறித்து, படத்தையும் சேமித்துப் பின்னிணைப்பில் வைக்க வேண்டும். நாளை அந்தப் பதிவு அங்கே இருக்காது. பதிவிட்டவர் தனிநபரென்றால் அவர் பெயரை மறைத்துவிடலாம். 'ரேர்லி'யை 'செல்டம்' என்று திருத்தி எழுதிவிடக் கூடாது.