கீ அறுவதில்லை, பள்ளம்தான் கெடுகிறது

மாவு மில் மோட்டாரில் புல்லி ஆடத் தொடங்கினால் பழி முதலில் கீயின் மேல்தான் விழும். கீ சிறியது, சுமை தாங்கவில்லை என்பார்கள். கணக்கு போட்டுப் பார்த்தால் அந்தப் பழி நிற்காது. நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் 5 எச்.பி. மோட்டாரின் முறுக்குவிசை சுமார் 24.5 நியூட்டன் மீட்டர். 28 மி.மீ. ஷாஃப்டின் விளிம்பில் அது ஏறக்குறைய 180 கிலோ எடைக்குச் சமமான தள்ளல். 8 மி.மீ. அகலமும் 40 மி.மீ. நீளமும் உள்ள கீ இதைப் போலப் பத்து மடங்கு வந்தாலும் அறாது. மோட்டார் கிளம்பும்போது விசை இரண்டு மடங்குக்கு மேல் எகிறும், அதையும் தாங்கும். மலிவானது, கழற்றி மாட்ட எளிது, இவ்வளவு பலமும் உண்டு. இதனால்தான் இந்த முறை இத்தனை காலம் நிலைத்திருக்கிறது.

ஆனால் இந்தக் கணக்கு, கீயின் பக்கங்கள் பள்ளத்தின் சுவர்களில் முழுதாகப் படிந்திருப்பதாக வைத்துக்கொண்டு போட்டது. இடைவெளி இருந்தால், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் புல்லி சற்றே நகர்ந்து கீயை மோதும். மோதும் விளிம்பு நசுங்கும், இடைவெளி பெருகும், அடுத்த அடி இன்னும் பலமாக விழும். கீ முழுதாக இருக்க, பள்ளத்தின் வாய் அகன்றுபோகும். புல்லி ஓரத்தில் செம்பழுப்புத் தூள் தெரிந்தாலும், ஸ்விட்ச் போட்டதும் 'டக்' என்று கேட்டாலும் இந்தச் சேதம் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

குறையின் வேர் பெரும்பாலும் மில்லிங் மேசையில் இருக்கிறது. 8 மி.மீ. கட்டரை ஒரே ஓட்டில் முழு ஆழத்துக்கு இறக்கினால் அது ஒரு பக்கம் சாய்ந்து பள்ளத்தை அகலமாக்கிவிடும். 7 மி.மீ. கட்டரால் நடுவில் வெட்டிவிட்டு, இரு சுவர்களையும் தனித்தனியாக அளவுக்குக் கொண்டுவருவதே சரி. நேரம் கூடுதலாகும், அந்த நேரத்தை மிச்சம் பிடிப்பவர் பின்னால் ஷாஃப்டையே மாற்ற வேண்டிவரும். ஷாஃப்டில் ஆழம் 4 மி.மீ., புல்லியில் 3.3. கீயின் உயரம் 7 என்பதால் மேலே 0.3 மி.மீ. காலியாக இருக்கும், இருக்கவும் வேண்டும். அதை நிரப்பத் தகடு வைத்து அடிப்பவர்கள் புல்லியை ஒரு பக்கமாகத் தள்ளி, மையம் விலகச் செய்கிறார்கள். தளர்ந்த கீயைப் பஞ்ச் அடித்துப் புடைக்க வைப்பதும் இதே ரகம்தான். புடைத்த நான்கைந்து புள்ளிகள் சில நாள் பிடிக்கும், பிறகு நசுங்கிவிடும்.

ஒழுங்காக வெட்டினாலும் தீராத குறை ஒன்று உண்டு. பள்ளம் முடியும் மூலையில் தகைவு குவியும். பெல்ட்டின் இழுப்பில் ஷாஃப்ட் வளைந்து வளைந்து சுழல, விரிசல் அங்கேதான் பிறக்கும். அடிமூலையைக் கூர்மையாக விடாமல் சிறு வளைவு கொடுத்தால் அது தள்ளிப்போகும், ஒரேயடியாக மறையாது.

ஒரே திசையில் சீராக ஓடும் மில்லுக்குக் கீயே போதும். அடிக்கடி நின்று கிளம்பும், திசை மாறும் இயந்திரத்தில் கீயை மட்டும் நம்புவது தவறு. அங்கே ஷாஃப்டைச் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கும் டேப்பர் லாக் புஷ்ஷுக்குச் செலவழியுங்கள்.