சிப்பியில் தோன்றிய வெள்ளி: மாயைக் கொள்கையும் துவைத மறுப்பும்

அத்வைதத்தின் மாயைக் கொள்கை உலகம் இல்லை என்று சொல்வதாகப் பலரும் எடுத்துக்கொள்கின்றனர். சங்கரர் மரபு சொல்வது அதுவன்று. முயற்கொம்பு போல ஒருபோதும் அனுபவத்துக்கு வராதது 'அசத்து'. எந்தக் காலத்திலும் எந்த அறிவாலும் நீக்கப்படாத பிரம்மம் 'சத்து'. உலகம் அனுபவத்துக்கு வருவதால் அசத்தாகாது. பிரம்ம ஞானத்தால் நீங்குவதால் சத்துமாகாது. இவ்விரண்டிலும் அடங்காமல், உள்ளதென்றோ இல்லதென்றோ அறுதியிட முடியாத நிலையையே அம்மரபு அநிர்வசனீயம் என்றும், அந்நிலையில் உள்ளதை மித்தை என்றும் அழைக்கிறது.

இதற்கு அத்வைதிகள் வழக்கமாகக் காட்டும் சான்று சிப்பியில் தோன்றும் வெள்ளி. மங்கிய ஒளியில் சிப்பியைப் பார்ப்பவர் வெள்ளி கிடப்பதாக எண்ணிக் குனிந்து எடுக்கிறார். கையில் எடுத்ததும் அது சிப்பி என்று தெளிகிறது. அப்போது அவர் 'வெள்ளி இருந்தது, போய்விட்டது' என்று கருதுவதில்லை. 'இங்கு எப்போதுமே வெள்ளி இருந்ததில்லை' என்றே உணர்கிறார். தோன்றிய இடத்திலேயே முக்காலத்துக்கும் மறுக்கப்படுவதே மித்தையின் இலக்கணம். சிப்பி வெள்ளியைப் போல உலகமும் அறிவுக்கு விடயமாகும் பொருள், ஆகவே உலகமும் மித்தை என்று அத்வைதிகள் அனுமானம் அமைக்கின்றனர்.

13ஆம் நூற்றாண்டில் உடுப்பியை மையமாகக் கொண்டு துவைத வேதாந்தத்தை நிறுவிய மத்துவர் இந்த அடிப்படையையே ஏற்கவில்லை. இறைவன் ஒருவனே சுதந்திரன். உயிர்களும் சடப்பொருள்களும் அவனைச் சார்ந்தவையேயாயினும் உண்மையானவை. சிப்பியில் தோன்றிய வெள்ளி அங்கு அறவே இல்லாதது, அதாவது அசத்து. பிழை என்பதே இல்லாததை உள்ளதாகக் கொள்வதுதான் எனும்போது, சத்துக்கும் அசத்துக்கும் இடையே மூன்றாவது வகை தேவைப்படுவதில்லை. அசத்துத் தோன்றாது என்று மறுப்பவரும் அசத்தைப் பற்றி ஓர் அறிவு பெற்றே அவ்வாறு மறுக்கிறார் என்பது துவைதிகளின் கூர்மையான பதில்.

மத்துவர் மரபில் வந்த வியாசதீர்த்தர் 16ஆம் நூற்றாண்டில் தமது நியாயாமிருதத்தில் ஓர் இருதலைக் கேள்வியை முன்வைத்தார். உலகின் மித்தைத்தன்மை உண்மையா, மித்தையா? உண்மையென்றால் பிரம்மத்தோடு இரண்டாவது உண்மை ஒன்று சேர்ந்து அத்வைதம் குலைகிறது. மித்தையென்றால் மித்தைத்தன்மை மறுக்கப்பட்டு உலகம் உண்மையாகிவிடுகிறது. இதற்கு மறுமொழியாக அத்வைதசித்தி எழுதிய மதுசூதன சரசுவதி இரண்டாவது தலையை ஏற்றுக்கொண்டு, அதிலிருந்து பெறப்படும் முடிவை மறுத்தார். யானையிடம் பசுத்தன்மை இல்லை என்பதால் குதிரைத்தன்மை உண்டு என்றாகாது, இரண்டுமே அங்கில்லை; அதுபோல உலகும் அதன் மித்தைத்தன்மையும் ஒரே ஞானத்தால் ஒருங்கே நீங்குகின்றன. இந்த விடை தருக்க முரணைத் திறம்படத் தவிர்க்கிறது. எனினும் கொள்கை முரணற்றது என்று காட்டுவதும் அது உண்மை என்று நிறுவுவதும் வேறு வேறு.

அந்த நிறுவலில்தான் அத்வைதம் இடறுகிறது. சிப்பி வெள்ளி பொய்யென்று தெரிவது, சிப்பியைப் பற்றிய உறுதியான காட்சி பின்னர் கிடைப்பதால். அக்காட்சியோ இதே உலகுக்குள் நிகழ்வது. உலகம் முழுவதையும் நீக்கும் அறிவுக்கு அத்தகைய பொது அனுபவம் இல்லாமையால், அத்வைதம் இறுதியில் சுருதியையே நம்புகிறது. அச்சுருதியும் நீக்கப்படவேண்டிய உலகைச் சேர்ந்ததே. நஞ்சு ஏறிவிட்டதென்று ஐயுற்றவர் அந்த ஐயத்தாலேயே இறப்பதுண்டு என்று காட்டி, பொய்யானதும் பயன் விளைக்கும் எனச் சங்கரர் விடை கூறுகிறார். ஆயினும் பயன் விளைப்பது ஒன்று, உண்மையை அறிவிக்கும் பிரமாணமாவது இன்னொன்று. ஐயம் உயிரைப் போக்கியதால் நஞ்சு இருந்ததாகிவிடாது.

துவைதத்தின் நிலையும் குறையற்றதன்று. காட்சி நிகழ்காலப் பொருளை மட்டுமே காட்டும், அப்பொருள் எக்காலத்தும் நீக்கப்படாது என்று காட்சி உறுதியளிக்காது என்னும் அத்வைத ஆட்சேபம் வலுவானது. துவைதிகள் இதற்கு, ஆன்மாவின் உள்ளுணர்வாகிய 'சாட்சி' சோதித்துத் தெளிந்த அறிவில் ஒருபோதும் பிழைபடாது என்கின்றனர். பிழைபடாத சாட்சியின் தீர்ப்பு எது, அத்தீர்ப்பாக மயங்கிய மனத்தின் உறுதி எது என்று பிரித்தறியும்படி கேட்டால், நீக்கப்படாமையையே அவர்கள் அளவுகோலாகக் காட்ட நேர்கிறது. கேள்வி தொடங்கிய இடமும் அதுவே.

ஆகவே இரு மரபுகளுக்கும் உள்ள வேறுபாடு நிறுவும் பொறுப்பு யாருடையது என்பதில் வந்து நிற்கிறது. நீக்கும் அறிவு எதிர்ப்படும்வரை அனுபவத்தை நம்புவதே முறை என்று கொண்டால் துவைதமே வலுவுடையது. பிழையை விளக்கும் ஆய்வாக மட்டும் கொண்டால், பொய்த்தோற்றம் நீங்குமுன் தரும் அழுத்தமான அனுபவத்தை அத்வைதத்தின் மூன்றாவது வகை கூடுதல் நுட்பத்தோடு விளக்குகிறது. அந்த விளக்கத்தை ஒரு சிப்பியிலிருந்து அண்டம் முழுமைக்கும் நீட்டுவதற்கான உரிமை மட்டும் அனுமானத்தால் பெறப்படவில்லை.