பதிவேட்டில் வராதவள்

தீப்பெட்டி ஆலைப் பக்கத்துக் கிராமம். புதிதாக மாற்றலாகி வந்த ஆசிரியை நாலு வருஷத்து வருகைப் பதிவேடுகளைச் சரிபார்க்கிறாள். எந்தப் பிள்ளைக்கும் தொடர்ச்சியாக 14 'வரவில்லை'க்கு மேல் இல்லை. 15ஆம் நாள் தவறாமல் ஒரு வருகைக் குறி. கையெழுத்துகள் மூன்று, பழக்கம் ஒன்றுதான். ஆக, இது தனிமனித மோசடி அல்ல.

தலைமையாசிரியர் சொல்கிறார்: "பேரை எடுத்தா ஆகஸ்டு ஒண்ணாந்தேதி கணக்குல ஒரு போஸ்ட் போயிடும் டீச்சர்." பள்ளியின் எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் பணியிடம் நிர்ணயமாகிறது என்பதால், இது வெறும் சால்ஜாப்பு இல்லை.

கதை சறுக்குவது இதற்குப் பின்புதான். கடைசிப் பக்கத்தில் அவரை அழவைத்து, அமைப்பின் பிரச்சினையை மனசாட்சியின் பிரச்சினையாகச் சுருக்கிவிடுகிறது. ஆனால் பிரதி ஆசிரியரை மீறிப் பேசுகிறது. அந்த 15ஆம் நாள் கோடு பெயரைக் காப்பாற்றுகிறது. ஆலையில் குச்சி அடுக்கும் சிறுமியை மறைக்கிறது. இடைநின்றவள் என்று பதிவானால்தானே யாராவது அவளைத் தேடிப் போவார்கள்? அவளோ கதையில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. பதிவேடு செய்ததையே கதையும் செய்திருக்கிறது.