குடையை வெட்டினால் கதை இல்லை

பாட்டி சொன்னதை எழுத்தில் கொண்டுவர நம்மிடம் இரண்டு வழிகள் உண்டு. 1991-இல் வந்த ஏ. கே. ராமானுஜனின் இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் முதல் வழிக்கு உதாரணமாக ஒரு தமிழ்க் கதை இருக்கிறது. மகன்களும் மருமகள்களும் படுத்தும் பாட்டை யாரிடமும் சொல்லாமல் விழுங்கியே ஒரு கிழவி ஊதிப்போகிறாள். பாழடைந்த வீட்டில் சுவர் சுவராகக் குறை சொல்ல, ஒவ்வொரு சுவராக இடிகிறது. அவள் இளைத்துத் திரும்புகிறாள். சம்பவத்திலேயே சிரிப்பு இருப்பதால் யார் சுருக்கிச் சொன்னாலும் அது நிற்கும்.

கி. ராஜநாராயணனின் வழி வேறு. 'கோபல்ல கிராம'த்தில் (1976) ஆந்திரத்திலிருந்து தெற்கே வந்த இடப்பெயர்வைச் சொல்பவள் 137 வயது மங்கத்தாயாரு அம்மாள். வரலாறு அவள் பேச்சின் போக்கில் விரிகிறது. குடும்பப் பாட்டிகளின் கதைகளுக்கு இந்த வழிதான் பொருந்தும் என்பேன். அவற்றில் சம்பவம் சிறியது. சொல்லும் வரிசைதான் பெரியது.

மறைமலைநகரில் என் பாட்டி சொன்ன ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் கழுகுகள் சர்க்கரைப் பொங்கல் உண்ண வந்துகொண்டிருந்த காலம். பாட்டி கழுகுப் பேச்சை உடனே தொடவே மாட்டாள். முதலில் சித்தப்பா பிறந்தது அந்த வருஷமா, அதற்கு முந்தியா என்ற வழக்கு. அடுத்து செங்கல்பட்டில் மாமியார் பேரம் பேசி வாங்கிய குடை. பிறகு மாமியாரின் முட்டிவலி. "நான் அடிவாரத்துல குந்திக்கிறேன், நீ ஏறு. கறுத்துப் போகப்போற, குடையை மடக்காதே" என்று மாமியார் கண்டிப்பு. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள்.

இதை முதலில் எழுதியபோது, சித்தப்பாவோடு குடையையும் வெட்டிவிட்டு, 'மேலே ஏறியவள் கழுகைப் பார்க்கவில்லை, கீழே இருந்த மாமியார் பார்த்துவிட்டாள்' என்று முடித்தேன். படித்தவர்கள் "ஏன் பார்க்கலை?" என்று கேட்டார்கள். விளக்கம் கேட்கவைத்தால் நகைச்சுவை செத்துவிட்டது என்று பொருள். மறுபடி எழுதும்போது குடையை முதல் பத்தியிலேயே வைத்தேன், சும்மா ஒரு சாமான் போல. மாமியாரின் கண்டிப்பைப் படியேறும் முன் ஒரே வரியில் சொன்னேன். மேலே கூட்டம் அண்ணாந்து பார்த்ததை எழுதி, பாட்டி என்ன பார்த்தாள் என்பதை விட்டுவிட்டேன். கடைசி வாக்கியத்தை அவள் வாயாலேயே வரவிட்டேன்: "நல்ல குடைதான்டா. மேல வெயிலும் படல, கண்ணுல கழுகும் படல."

நடை என்னுடையதாகவே இருக்கலாம். முத்தாய்ப்பை மட்டும் எழுத்துத் தமிழுக்கு மாற்றக் கூடாது. 'வெயிலும் படவில்லை, கழுகும் தென்படவில்லை' என்றால் இலக்கணம் சரி, சிரிப்பு வராது. பாட்டி இதற்குப் பின்னும் அன்றைய கத்தரிக்காய் விலைவரை போவாள், அதை விட்டுவிட்டேன். மூன்று முறை வந்த சித்தப்பா வழக்கை ஒருமுறை மட்டும் வைத்துக்கொண்டேன், கதை சொல்பவள் யார் என்பது வாசகருக்கு அங்கேதான் தெரிகிறது.