மூக்குக்கு ஒரு விளையாட்டு

மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னைக்கு வந்து, அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர் முறையைப் பின்பற்றும் பள்ளிகளில் இளஞ்சிவப்புக் கோபுரம்தான் முதலில் கண்ணைப் பறிக்கும். மண ஜாடிகள் பெரும்பாலும் அலமாரி மூலையில் கிடக்கும். நுணுக்கமெல்லாம் அந்த மூலையில்தான்.

ஒரே அளவு ஜாடிகள் எட்டு. நான்குக்குச் சிவப்பு மூடி, நான்குக்கு நீல மூடி. ஒவ்வொரு மணமும் இரண்டு நிறத்திலும் ஒன்று வீதம் இருக்கும். உள்ளே இருப்பது தெரியாதபடி ஜாடியைச் சுற்றிக் காகிதம் ஒட்டவேண்டும்; கண் கண்டுபிடித்துவிட்டால் மூக்குக்கு வேலையில்லை. பொடி மூக்கில் ஏறாமலிருக்க வாயில் மெல்லிய துணி. அடியில் ஜோடிக்கு ஒரே நிறப் பொட்டு வைத்தால், சரியா தவறா என்று குழந்தையே கவிழ்த்துப் பார்த்துக்கொள்ளும். டீச்சர் வாய் திறக்க வேண்டியதில்லை.

முதல் வாரத்துக்கு காபித்தூள், ஏலக்காய், எலுமிச்சைத் தோல், சோப்புச் சீவல் போதும். ஒன்றுக்கொன்று எட்டவே எட்டாத மணங்கள். மிளகும் மிளகாயும் வேண்டாம், அவற்றில் மணத்தைவிட எரிச்சலே முந்தும். கற்பூரமும் பாச்சை உருண்டையும் கூடவே கூடாது. கற்பூரம் சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

மூன்று வயதுக் குழந்தை சிவப்பு மூடி ஒன்றைத் திறந்து முகர்கிறது, பிறகு நீல மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து அதன் ஜோடியைத் தேடுகிறது. சில ஜாடிகளுக்குப் பின் மூக்கு மரத்துவிடும். ஆழமாக இழுத்து இழுத்து முகர்வதும், ஜாடியை விட்டு டீச்சர் முகத்தைப் பார்ப்பதும் அதன் அறிகுறி. காபிக்கொட்டையை முகர்ந்தால் மூக்கு தெளியும் என்று அத்தர் கடையில் சொல்வார்கள். வராந்தாவில் நாலு நிமிஷம் நின்றாலே தெளிந்துவிடும்.

பெயர் அதற்குப் பிறகுதான். "இது ஏலக்காய்" என்று சொல்லித் தருவது முதல் படி. "ஏலக்காய் எது, எடு பார்ப்போம்" என்பது அடுத்தது. "இது என்ன?" என்ற கேள்வி கடைசியில் வரும். பிரெஞ்சு மருத்துவர் செகான் வகுத்த இந்த மூன்று படிகளை மாண்டிசோரி எடுத்தாண்டார். அவசரக்காரர்கள் நேரே மூன்றாவதுக்குத் தாவுவார்கள், குழந்தை விழிக்கும். பெரியவர்களே தெரிந்த மணத்துக்குப் பெயர் வராமல் திணறுவது சகஜம். ஆனால் மலாய்த் தீபகற்பத்தின் ஜஹாய் மக்கள், நிறங்களைப் போலவே மணங்களுக்கும் சுலபமாகப் பெயர் சொல்வதை 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று பதிவுசெய்தது. பழக்கத்துக்கும் இதில் பங்கு இருக்கத்தான் வேண்டும்.

ஞாபகத்தைச் சோதிக்க, நீல ஜாடிகளை அறையின் மறுகோடியில் வைத்தால் போதும். முகர்ந்த மணத்தை மனதில் வைத்துக்கொண்டு குழந்தை நடந்துபோய் எடுத்துவர வேண்டும்.

ரசனையான கட்டம் சீரகம், சோம்பு, ஓமம் மூன்றையும் ஒன்றாக வைக்கும்போது வரும். விதைகளை லேசாக நசுக்கினால்தான் மணம் எழும். சோம்பு இனிப்பாகத் தனித்து நிற்கும். சீரகத்தையும் ஓமத்தையும் பிரிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பிறகு ஒரு கற்பூரவல்லி இலையைக் கசக்கிக் கொடுத்து, இது எந்த ஜாடியின் சொந்தக்காரன் என்று கேட்கலாம். பழகிய மூக்கு ஓமத்திடம் போகும். ஓமத்திலுள்ள தைமாலும் அந்த இலையிலுள்ள கார்வக்ராலும் மிக நெருங்கிய சேர்மங்கள்.