வரிக்கொரு சொல்: எண்ணிக்கையை எவ்வளவு நம்பலாம்?

ஒரு தமிழ் உரையை வரிக்கு ஒரு சொல்லாகப் பிரித்து, நிறுத்தக்குறிகளை நீக்கி, அகரவரிசைப்படுத்தி எண்ணுவது இன்று சில நொடி வேலை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் கைக்கு வந்தபின் ஆய்வு மாணவர்களும் அகராதி ஆர்வலர்களும் இதைச் சாதாரணமாகச் செய்கிறார்கள். கிடைக்கும் பட்டியலைச் ‘சொல்வளம்’ என்று அச்சிடும்போதுதான் சிக்கல்.

ஏலகிரி பற்றி ஒரு சிறு பத்தியை எடுத்துக்கொள்வோம்:

“ஏலகிரிக்குப் போகலாமா?” என்றார் ராஜா. ஏலகிரிக்குச் செல்லும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். நீர் தேங்காத நாளில் ஏலகிரிக்கு ஏறுங்கள்.

இடைவெளியை வைத்துப் பிரித்தால் 16 வரிகள். அடுத்து மேற்கோள் குறிகளை நீக்கப் பலரும் கை வைப்பது இந்தக் கட்டளையில்:

```
tr -d '“”' < e.txt
```

பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் உள்ள GNU tr எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைப் பார்க்கிறது. “ என்ற குறி E2 80 9C என்ற மூன்று பைட்டுகள். ‘ஜ’ முடிவது 9Cயில். ஈகாரக் குறியான ‘ீ’ முடிவது 80இல். ஆகவே மேற்கோள் குறியோடு ராஜாவின் ‘ஜ’வும் நீரின் ‘ீ’யும் சிதைந்துபோகின்றன. நீக்கியபின் கோப்பில் கேள்விக்குறிக் கட்டங்கள் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். பைத்தானின் re நூலகத்தில் `\w+` எழுதுவோருக்கு வேறொரு விபத்து: அது உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்பதில்லை. ‘தமிழ்’ என்ற சொல் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு வரியாகிவிடும். தமிழுக்கான எல்லையை நாமே சொல்லிவிடுவது மேல்:

```
import re, unicodedata
t = open("e.txt", encoding="utf-8").read()
t = unicodedata.normalize("NFC", t)
t = re.sub("[\u200b-\u200d]", "", t)
for s in re.findall("[\u0B80-\u0BFF]+", t):
    print(s)
```

இப்போது 15 வரிகள். ‘14’ என்ற எண் விழுந்துவிட்டது. அது சொல்லா இல்லையா என்பது தொகுப்பவர் எடுக்க வேண்டிய முடிவு, நிரலின் தலையில் கட்ட முடியாது. இந்த நிரல் குறிகளை அழிப்பதில்லை, அவை வருமிடத்தில் வெட்டுகிறது. வெறுமனே அழித்திருந்தால் ‘வேலூர்-ஆம்பூர்’ ஒட்டிக்கொண்டு ‘வேலூர்ஆம்பூர்’ என்ற புது ஊர் பிறந்திருக்கும்.

கருவியைச் சரிசெய்துவிடலாம், மொழியின் இயல்பு வேறு சங்கதி. ஏலகிரிக்குப், ஏலகிரிக்குச், ஏலகிரிக்கு ஆகிய மூன்றும் மூன்று தனிச்சொற்களாக, ஆளுக்கு ஒருமுறை என்று நிற்கின்றன. நான்காம் வேற்றுமை ஒன்றுக்கே இந்தக் கதி. ‘ஏலகிரியில்’, ‘ஏலகிரியின்’ எல்லாம் சேர்ந்தால் ஒரு மலைக்குப் பத்து வரி வரும். மறுபக்கம், ‘கொண்டை ஊசி வளைவு’ மூன்றாக உடைந்து, மலைப்பாதைக் கட்டுரையில் ‘ஊசி’ அடிக்கடி வரும் சொல்லாகிவிடுகிறது.

வல்லின ஒற்றைக் களையலாம். தமிழ்ச் சொற்கள் க், ச், த், ப் என்று முடிவதில்லை என்பதால் இறுதியில் அவை வந்தால் சந்தி என்றே கொள்ளலாம். பழைய உரைக்கு இது நன்றாகவே பொருந்தும். ஆம்பூர்த் தோல் தொழில் பற்றிய இன்றைய செய்தியில் வைத்துப் பாருங்கள்: ‘மார்ச்’ மாதம் ‘மார்’ ஆகும், ‘பேக்’ ‘பே’ ஆகும். ‘கிளிக்’ பறந்து ‘கிளி’யாகிவிடும். எனவே களைவதற்கு முன் கடன்சொற்களின் விலக்குப் பட்டியல் ஒன்று வேண்டும். அதைக் கையால்தான் தயாரிக்க வேண்டும்.

வ.அய். சுப்பிரமணியம் 1962இல் வெளியிட்ட புறநானூற்றுச் சொல்லடைவு போன்ற வேலைகளில் எங்கே பிரிப்பது என்பதை இலக்கணம் அறிந்தவர் பார்த்து முடிவு செய்தார். இன்று அந்த முடிவை இடைவெளிப் பட்டைக்கு விட்டுவிடுகிறோம். சேர்த்தும் பிரித்தும் எழுதும் பழக்கம் ஆளுக்கு ஆள் மாறுவதால், இரண்டு எழுத்தாளர்களின் சொல் எண்ணிக்கையை இப்படி ஒப்பிட்டால் அவர்களுடைய தட்டச்சுப் பழக்கத்தைத்தான் ஒப்பிடுகிறோம். ‘வந்து விட்டான்’ என்று பிரித்து எழுதுபவரின் மொத்தச் சொல் கூடும். ‘வந்துவிட்டான்’ என்பவரின் தனிச்சொல் கூடும்.

அப்படியானால் இந்த முறை எதற்கு உதவும்? என் கணக்கில், மெய்ப்புத் திருத்தத்துக்கு. ஒரே ஒருமுறை வரும் சொற்களை மட்டும் எடுத்து அகரவரிசையில் படியுங்கள். எழுத்துப்பிழைகள் வரிசையில் வந்து நிற்கும். ஏலகிரிப் பாதையின் வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்கள். அவற்றில் ஒன்றான ‘ஔவையார்’, ‘ஒ’வும் ‘ள’வும் தட்டி ‘ஒளவையார்’ என்று எழுதப்பட்டிருந்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. NFCயும் அதைத் திருத்தாது. பட்டியலில் மட்டும் இரண்டு ஔவையார்கள் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

சொல்வளம் இத்தனை என்று அச்சிடுகிறவர்கள், சந்தியையும் எண்களையும் கூட்டுச்சொல்லையும் என்ன செய்தோம் என்ற விதியை அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். மூலக் கோப்பையும் அழிக்காமல் வையுங்கள்.